சிறுநீரகம் போடும் தப்புக்கணக்கு

நர்சிங் மாணவிகளிடம் இதயச் செயலிழப்புக்கு ஒரு கருத்து வரைபடம் போட்டு வரச் சொன்னால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். தாளின் நடுவே ஒரு வட்டம், அதற்குள் நோயின் பெயர். சுற்றிலும் நான்கு பெட்டிகள்: நோய் உருவாகும் விதம், அறிகுறிகள், மருந்துகள், செவிலியர் கவனிப்பு. கலர் பேனாவெல்லாம் பயன்படுத்தி அழகாகவே போட்டிருப்பார்கள். ஆனால் அது பட்டியலை வட்டமாக எழுதியதுதான். ஃபியூரோசமைடு மாத்திரைக்கும் மூச்சுத்திணறலுக்கும் நடுவே உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், அந்தத் தாளில் பதில் இருக்காது.

கருத்து வரைபடத்தை 1970களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர் ஜோசப் நோவாக். அவர் முறையில் இரண்டு பெட்டிகளை வெறும் கோட்டால் இணைத்தால் போதாது. கோட்டின் மேல் 'குறைக்கிறது', 'தூண்டுகிறது' என்று ஒரு சொல் இருக்க வேண்டும். பெட்டி, கோடு, பெட்டி என்று வாசித்தால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். சொல் எழுத வராத இடத்தில்தான் பாடம் புரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு நோயாளியை வைத்து வரைந்து பார்ப்போம். வயது 58. நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தவர். எக்கோ எடுத்தபோது, இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் 30 சதவீதத்தைத்தான் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ள முடிகிறது என்று தெரிந்தது. நல்ல இதயம் 55 சதவீதத்துக்கு மேல் தள்ளும். எனாலபிரில், மெட்டோபிரலால் மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார். பத்து நாளாக இரண்டு கால்களும் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை வேண்டியிருக்கிறது. 64 கிலோ இருந்தவர் இப்போது 69. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 89 சதவீதம்.

முதல் பெட்டியில் 'மாரடைப்பில் செத்துப்போன தசை' என்று எழுதலாம். அது ரத்தம் தள்ளும் பலத்தைக் குறைக்கிறது. அதனால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது. சிறுநீரகத்துக்கு இதயத்தின் நிலைமை தெரியாது. ரத்தம் குறைவாக வந்தால், எங்கோ ரத்தப்போக்கு, அல்லது உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றே அது எடுத்துக்கொள்ளும். உடனே ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். ரெனின், ஆஞ்சியோடென்சின் உருவாக வழி செய்கிறது. ஆஞ்சியோடென்சின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, கூடவே ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனைத் தூண்டுகிறது. ஆல்டோஸ்டிரோன் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அடிபட்டு ரத்தம் சிந்துகிறவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. நம் நோயாளிக்கோ இதுவே வினை. ஏற்கெனவே தள்ள முடியாத இதயத்துக்கு இன்னும் அதிக ரத்தம் வருகிறது, அதையும் சுருங்கிய குழாய்களுக்குள் தள்ள வேண்டியிருக்கிறது. இதயம் மேலும் தளர்கிறது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் இன்னும் குறைகிறது. அம்புக்குறிகள் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டன. தாளின் நடுவில் இருக்க வேண்டியது நோயின் பெயரல்ல, இந்தச் சுழல்தான்.

அறிகுறிகளைத் தனிப்பெட்டியில் அடைக்க வேண்டியதில்லை, சுழலிலிருந்து கிளை பிரித்தால் போதும். இடது பக்கம் தள்ளாத ரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரலில் நீர் கசிகிறது. படுத்தால் காலில் உள்ள நீரும் மேலேறி நுரையீரலை நிரப்பும். தலையணை மூன்றானது அதனால்தான். வலது பக்கம் தேங்கினால் கழுத்து நரம்பு புடைக்கும், கால் வீங்கும்.

இனி மருந்துகள். ஒவ்வொரு மருந்தையும் அது வெட்டுகிற அம்புக்குறியின் மேலேயே எழுத வேண்டும். எனாலபிரில், ஆஞ்சியோடென்சின் உருவாவதை வெட்டுகிறது. ஸ்பைரனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கிறது. மெட்டோபிரலால், இதயத்தை ஓயாமல் விரட்டுகிற அட்ரினலின் வகை ஹார்மோன்களைத் தடுக்கிறது. ஃபியூரோசமைடை எங்கே எழுதுவது? சுழலின் எந்த அம்பின் மேலும் அதற்கு இடம் கிடையாது. தேங்கிய நீரை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு தொட்டியிலிருந்து வாளியால் இறைக்கிற மாதிரி. ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே வேலை ஆரம்பித்துவிடும், மூச்சு சீக்கிரம் லேசாகும். நோயாளியும் 'இந்த மருந்துதான் என்னைக் காப்பாற்றியது' என்பார். வீட்டுக்குப் போய் அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு மற்றதை நிறுத்தியவர்கள் திரும்ப வார்டுக்கு வருவது ஏன் என்பதற்கு, சுழலுக்கு வெளியே நிற்கும் அந்த ஒரு பெட்டியே விளக்கம்.

செவிலியர் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதையும் படமே சொல்லிவிடும். நுரையீரலில் நீர் என்ற கிளைதான் அவசரம்: நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். அடுத்தது நீர்க்கணக்கு. தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே எடை மெஷினில் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது கவனம் மருந்துப் பெட்டிகளின் நடுவே ஒளிந்திருக்கிறது. ஃபியூரோசமைடு பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. எனாலபிரிலும் ஸ்பைரனோலாக்டோனும் அதைப் பிடித்துவைக்கின்றன. மூன்றிலிருந்தும் 'பொட்டாசியம்' என்ற ஒரே பெட்டிக்கு எதிரெதிர்ச் சொற்களோடு அம்பு வர வேண்டும். 1999இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஸ்பைரனோலாக்டோன் கடுமையான இதயச் செயலிழப்பில் உயிரிழப்பைக் குறைப்பதாகக் காட்டியது. கனடாவின் ஒன்டாரியோவில் டாக்டர்கள் அதை வேகமாக எழுதத் தொடங்கினார்கள். ஏற்கெனவே எனாலபிரில் வகை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த முதிய நோயாளிகளிடையே, பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். மருந்து நல்ல மருந்துதான். ரத்தப் பரிசோதனைதான் அதே வேகத்தில் கூடவில்லை.

நம் நோயாளிக்கு மூன்றாம் நாள் ஸ்பைரனோலாக்டோன் சேர்க்கிறார்கள். ஆறாம் நாள் பொட்டாசியம் 5.6, இருக்க வேண்டியது 5க்குள். விசாரித்தால், 'உடம்புச் சூடு தணியட்டும்' என்று வீட்டார் தினமும் இரண்டு இளநீர் கொண்டுவந்திருக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய. மாணவி அந்தப் பெட்டிக்கு இன்னொரு அம்பு போட வேண்டும், இசிஜி எடுக்க டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

இன்னும் ஒன்று மிச்சம். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவருக்குப் பத்தே நாளில் ஐந்து கிலோ எப்படி ஏறியது? முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக். இந்த வகை வலிமாத்திரை சிறுநீரகத்தின் ரத்தக்குழாயைச் சுருக்கி, உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்கிறது. அதாவது சுழலுக்குள் பின்வாசல் வழியாக நுழைகிறது. இந்த அம்பு பாடப்புத்தகத்தின் பொதுப்படத்தில் இருக்காது. 'வேறென்ன மாத்திரை சாப்பிட்டீங்கய்யா?' என்று கேட்டவர் படத்தில்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதயம் நன்றாகச் சுருங்கினாலும், தசை விறைத்துப்போய் நிரம்ப முடியாமல் செயலிழக்கிறவர்களும் நிறைய உண்டு. ரத்தக்கொதிப்பு உள்ள வயதான பெண்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். அவர்களுக்கு இந்தப் படத்தின் முதல் பெட்டியே மாறும். எனாலபிரில், மெட்டோபிரலால் போன்றவை அங்கே இதே அளவுக்குப் பலன் தருவதில்லை. இரண்டுக்கும் ஒரே படத்தை நகலெடுத்தால் தப்பு.

டிஸ்சார்ஜ் நாளில் நோயாளியின் மனைவிக்காக இதே படத்தை மூன்று பெட்டிகளில் சுருக்கிப் போட்டுக் கொடுக்கலாம். ரெனின் வேண்டாம், ஆல்டோஸ்டிரோன் வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் வாங்கும் வலிமாத்திரை உடம்பில் நீரைத் தேக்கும். தேங்கிய நீர் எடையை ஏற்றும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கும்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டும்.