சுவிட்சுக்குள் எறும்பு, பிரிட்ஜுக்குள் கரப்பான்

கோடை முழுவதும் எங்கள் வீட்டு கீசருக்கு வேலை இல்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை அதன் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. மறுபடி போட்டபோது உள்ளே ‘சர்ர்’ என்று ஒரு சத்தம், கூடவே முடி கருகுவது போன்ற வாடை. எலெக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்து, தகட்டைக் கழற்றி, சுவிட்சை வெளியே எடுத்துத் தட்டினார். அரைக் கைப்பிடி செத்த எறும்பு கொட்டியது.

“தினமும் போடுற சுவிட்சுல இவ்வளவு வராது சார். மாசக்கணக்கா ஆஃப்ல கிடக்குற சுவிட்சுலதான் இப்படி அடையும்” என்றார் அவர்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சுவிட்சுக்குள் இரண்டு உலோக முனைகள் உண்டு. சுவிட்ச் ஆனில் இருந்தால் இரண்டும் ஒட்டியிருக்கும். அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இருக்காது. ஆஃபில் இருந்தால் சில மில்லிமீட்டர் இடைவெளி விழும். அந்த இடைவெளியின் ஒரு பக்கம் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொடும் எறும்புக்கு ஷாக் அடிக்கிறது.

கதை அந்த ஒரு எறும்போடு முடிவதில்லை. ஷாக் அடித்த எறும்பு தன் உடலிலிருந்து சில வாசனைப் பொருள்களை வெளியே விடுகிறது. ஆபத்தின்போது கூட்டத்தை அழைக்க எறும்புகள் பயன்படுத்தும் அதே வாசனைகள் அவை. அமெரிக்காவில் நெருப்பெறும்புகளை வைத்து ஆய்வாளர்கள் செய்த சோதனையின் முடிவு 2002-இல் வெளியானபோது இது உறுதியானது. அழைப்பைக் கேட்டு வரும் எறும்புக்கும் ஷாக் அடிக்கிறது, அதுவும் அழைக்கிறது. இப்படியே முனைகளுக்கு நடுவில் பிணங்கள் குவிகின்றன. பிறகு நாம் சுவிட்சைப் போடும்போது முனைகள் சரியாகச் சேராமல் இடையில் பொறி பறக்கிறது. எறும்பின் உடல் கருகிக் கரியாகிறது. கரி படிந்த முனை சூடாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை இளக்குகிறது. கீசர், மோட்டார், ஏசி போல அதிக மின்சாரம் இழுக்கும் இணைப்புகளில் இந்தச் சூடு தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம்.

கரப்பான் வேறு வழியில் கெடுக்கிறது. அதற்கு வேண்டியது சூடு, ஈரம், இருட்டு. மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது பிரிட்ஜின் பின்புறம், அடியில். அங்கே கம்ப்ரஸர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே உருகும் பனியின் தண்ணீர் அதன் மேலுள்ள சிறு தட்டில் வந்து தேங்கும். கம்ப்ரஸரின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் ரிலேயும் ஓவர்லோடும் இருக்கின்றன. புதிய இன்வெர்ட்டர் பிரிட்ஜ்களில் பின்னால் ஒரு மின்னணு போர்டும் உண்டு. சமையலறையில் காணும் சின்னப் பழுப்புக் கரப்பான் இந்த மூடிகளுக்குள் எளிதாக நுழைந்துவிடும். அதன் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும்.

கரப்பான் வயரைக் கடித்துத்தான் கெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கெடுப்பது அதன் எச்சம். மிளகுத்தூள் போலப் படியும் அந்த எச்சம் மழைக்கால ஈரத்தை உறிஞ்சும்போது மின்சாரம் கசியும் பாதையாகிறது. போர்டில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஷார்ட் ஆகின்றன. செம்புக் கோடுகள் பச்சை பூத்து அரிக்கின்றன. டிவியிலும் இதே கதைதான். ரிமோட்டில் அணைத்த டிவிக்குள் மின்சாரம் இருந்துகொண்டே இருப்பதால், காற்றுத் துளை வழியே போகும் கரப்பானுக்கு அது இரவெல்லாம் கதகதப்பான வீடு.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள அறிகுறிகள் உண்டு. சுவிட்சின் ஓரத்திலிருந்து மண்தூள் உதிர்ந்தால் உள்ளே எறும்பு குடியேறிவிட்டது. சுவிட்ச் இரண்டு முறை போட்டால்தான் பிடிக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. பிரிட்ஜின் பின்னால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்து கம்ப்ரஸர் ஓடவில்லை என்றால், முதலில் ரிலேயைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த மின்னழுத்தமோ, கம்ப்ரஸரின் பழுதோகூட இதே சத்தத்தைத் தரும். ஆனால் ரிலே சின்ன விலையில் மாற்றக்கூடியது. அதைப் பார்க்காமல் கம்ப்ரஸருக்குப் பணம் கொடுத்துவிடக் கூடாது.

இந்த நேரத்தில் நம்மில் பலர் செய்யும் தவறு, பூச்சி மருந்து ஸ்ப்ரேயை சுவிட்ச் இடுக்கில் அடிப்பது. அந்த டப்பாக்களில் மருந்தை வெளியே தள்ளும் வாயு பெரும்பாலும் எரியக்கூடியது. உள்ளே ஒரு பொறி போதும். மருந்தின் ஈரமும் மின்சாரத்தைக் கசியவிடும். தண்ணீர் கலந்த எதுவும் அங்கே போகக் கூடாது. எங்கள் எலெக்ட்ரீஷியன் உலர்ந்த தூரிகையால் பெட்டியைத் துடைத்தார். கருகிய சுவிட்சைச் சுரண்டிப் பார்க்காமல் புதிதாக மாற்றினார். முனையைச் சுரண்டினால் மேல்பூச்சு போய், பிறகு இன்னும் சூடாகும்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் முக்கியமான வேலை. எறும்பு வந்த வழியைத் தேடினார். மொட்டை மாடியிலிருந்து வயர் வரும் பைப்பின் வாய் திறந்து கிடந்தது. அந்த வாயையும், சுவிட்ச் பெட்டிக்குள் பைப் முடியும் இடத்தையும் பிறகு பெயர்த்தெடுக்கக்கூடிய புட்டியால் அடைத்தார். பின்னால் வயர் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் சிமென்ட் வைக்கவில்லை. போர்டில் காலியாக இருந்த துளைக்கு மூடித் தகடு போட்டார்.

வெளியே இருக்கும் புற்றுக்கு நான் இரை வைத்தேன். 100 மில்லி தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு கிராம் போரிக் பவுடர். பஞ்சில் நனைத்து, போர்டிலிருந்து தள்ளி, எறும்புச் சாரை போகும் வழியில் வைக்க வேண்டும். பவுடரைக் கூட்டினால் வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிடும். புற்றுக்குக் கொண்டுபோய் ஊட்டாது. முதல் இரண்டு நாள் கூட்டம் அதிகமாகும். அடிக்காமல் விட்டுவிட வேண்டும். இனிப்பைத் தொடாத எறும்பு வகைகளும் உண்டு. அவற்றுக்கு இது பலிக்காது. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கரப்பானுக்கு ஜெல் மருந்து நல்லது. கடுகளவு பொட்டுகளாக அலமாரிக் கீல்களிலும் பிரிட்ஜுக்குப் பின்னுள்ள சுவரோரத்திலும் வைக்கலாம். மின்பாகங்களின் மேல் வைக்கக் கூடாது. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் அதைத் தின்னாது. மாதம் ஒரு முறை பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பின்புறத்தைக் கூட்டுங்கள். தண்ணீர்த் தட்டை வெளியே எடுக்க முடிந்தால் கழுவிக் காயவையுங்கள். டிவி, பிரிட்ஜ் ஆகியவற்றின் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். சூடு தங்கினால் அதுவே கெடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். டிவியின் மூடியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பவர் போர்டிலுள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பூச்சி வரும் வழியை அடைப்பது உங்கள் வேலை. உள்ளே கை வைப்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.