தடுப்புச் சுவரைச் சாய்ப்பது மண்ணா, நீரா?

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2024 ஏப்ரல் 16ஆம் தேதி பெய்த மழை, 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அங்கு பதிவானவற்றில் மிகக் கடுமையானது. அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை பெய்தது. இத்தகைய மழையில், மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர்களின் பின்னால் உருவாகும் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

3 மீட்டர் உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னால் இருப்பது உலர்ந்த மணல் என்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது சுமார் 2.7 டன் விசையுடன் தள்ளும். மணல் துகள்களிடையே உராய்வு இருப்பதால், கீழ்நோக்கிய அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பக்கவாட்டில் செல்கிறது. நீருக்கு அந்த உராய்வு இல்லை. அது எல்லாத் திசைகளிலும் சமமாக அழுத்துகிறது.

அதே மணலில் உச்சிவரை நீர் தேங்கினால், மிதப்பு விசையால் மணலின் பங்கு சுமார் 1.5 டன்னாகக் குறையும். ஆனால் நீர் மட்டுமே 4.5 டன்னைச் சேர்க்கும். மொத்தம் 6 டன், அதாவது இரு மடங்குக்கும் அதிகம்.

எனவேதான் சுவரின் பின்புறம் சரளைக்கல் அடுக்கும், அடியில் துளையிட்ட குழாயும், சுவரில் நீர்க்கசிவுத் துளைகளும் அமைக்கப்படுகின்றன. மணல் புகுந்து அடைக்காதிருக்க, சரளையைச் சுற்றி வடிகட்டித் துணி இடப்படுகிறது.

மழை அரிதான வளைகுடாவில் இத்துளைகள் அடைபட்டிருப்பது பல ஆண்டுகள் புலப்படாமல் போகலாம். பெருமழைக்குப் பின்னும் துளைகள் உலர்ந்திருக்க, சுவரில் ஈரமும் உப்புப் படிவும் தோன்றினால், நீர் பின்னால் சிறைப்பட்டிருப்பதாகக் கொள்ளவேண்டும்.