ஊசி முனையா, அகல முனையா? கவசத்துக்கு முன்னால் அம்பு என்ன செய்தது?

1356 செப்டம்பர் 19. பிரான்ஸின் பொய்த்தியே நகருக்கு அருகே இங்கிலாந்துப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. சதுப்பு நிலத்தில் பத்திரமாக நின்றிருந்த ஆங்கிலேய வில்லாளர்கள், எதிரே பாய்ந்து வந்த பிரெஞ்சுக் குதிரைகள் மீது அம்பு மழை பொழிந்தார்கள். ஆனால், ஒன்றும் நடக்கவில்லை. குதிரைகளின் முன்பக்கம் இரும்புத் தகடும் தோலும் போர்த்தப்பட்டிருந்தன. அதில் பட்ட அம்புகள் நொறுங்கின, இல்லையென்றால் வழுக்கி வானத்தைப் பார்த்துப் பறந்தன.

அப்போது ஆக்ஸ்ஃபோர்டு பிரபு ஒரு வேலை செய்தார். வில்லாளர்களைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, குதிரைகளின் பின்பக்கத்தைக் குறிபார்க்கச் சொன்னார். அங்கே கவசம் இல்லை. அடிபட்ட குதிரைகள் மிரண்டு, மேலே இருந்தவர்களைத் தூக்கி எறிந்து, சொந்தப் படைக்குள்ளேயே திரும்பி ஓடின. இதை எழுதிவைத்தவர் அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி லே பேக்கர்.

அதே வில், அதே ஆட்கள். முன்பக்கம் பலிக்காதது பின்பக்கம் எப்படிப் பலித்தது? விடை, அம்பின் நுனி எதைச் சந்திக்கிறது என்பதில் இருக்கிறது.

இரண்டு முனைகள், இரண்டு வேலைகள்

அம்பு முனைகளில் பல வடிவங்கள் உண்டு. அவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும்.

முதலாவது அகல முனை. இலை போல விரிந்து, இரண்டு ஓரமும் கத்தி மாதிரி கூராக இருக்கும். பின்னால் கொக்கி போன்ற சிறகுகள். சில முனைகள் 4, 5 செ.மீ. அகலம்கூட இருக்கும். இது சதையை அறுத்துக்கொண்டு போகும். காயம் அகலமாகும், ரத்தம் நிற்காது, கொக்கி இருப்பதால் பிடுங்கவும் முடியாது. வேட்டைக்கும், கவசம் இல்லாத குதிரைக்கும் இதுதான் பொருத்தம்.

இரண்டாவது ஊசி முனை. ஆங்கிலத்தில் பாட்கின் என்பார்கள். நாலு பட்டையாக, ஆணி மாதிரி இருக்கும். அகலம் சுமார் 1 செ.மீ.தான். அறுக்காது, துளைக்கும். காயம் சின்னது, ஆனால் ஆழம் அதிகம்.

சங்கிலிக் கவசம்: கோணி ஊசி கணக்கு

சங்கிலிக் கவசம் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை. ஒவ்வொரு வளையத்தின் முனையும் தட்டி, ஆணி அடித்து மூடப்பட்டிருக்கும். வாள் வீச்சை இது நன்றாகவே தாங்கும். ஏனென்றால், வெட்டு விழும்போது அந்த அடியைப் பல வளையங்கள் பகிர்ந்துகொள்கின்றன.

கோணிப்பை தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கத்தியை வைத்து அழுத்தினால் சாக்கு இழைகள் ஒன்றுசேர்ந்து தடுக்கும். கோணி ஊசி இழைகளுக்கு நடுவே சட்டென்று இறங்கிவிடும். இங்கேயும் அதே கதைதான். அகல முனை உள்ளே போக வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் நாலைந்து வளையங்களை அறுக்க வேண்டும். ஊசி முனையோ ஒரு வளையத்துக்குள் நுனியை நுழைத்து, ஆப்பு மாதிரி அதை உள்ளிருந்தே விரிக்கிறது. ஆணி அடித்த இடம் விட்டுக்கொடுத்தால் போதும், அம்பு உள்ளே.

அதற்காக ஊசி முனை எப்போதும் ஜெயிக்கும் என்றும் சொல்ல முடியாது. சங்கிலிக்கு அடியில் பல அடுக்குத் துணி வைத்துத் தைத்த தடித்த மெத்தைச் சட்டை போடுவார்கள். வளையத்தை உடைப்பதிலேயே வேகத்தை இழந்த அம்பு அந்தத் துணியில் சிக்கி நின்றுவிடும். தூரம் கூடினால் இதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

தகடு வந்ததும் ஆட்டம் மாறியது

14-ம் நூற்றாண்டில் மார்புக்கும் கைகால்களுக்கும் இரும்புத் தகடுகள் பரவலாக வந்தன. இங்கே ஊசி நுழைய ஓட்டையே கிடையாது. ஓட்டையை அம்புதான் போட வேண்டும்.

அதற்கு எவ்வளவு சக்தி இருக்கிறது? 2019-ல் பிரிட்டனைச் சேர்ந்த டாட் கட்லர் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1415-ல் அஜின்கோர்ட் போர் நடந்த காலத்து மாதிரியில் மார்புக் கவசம் செய்து, 160 பவுண்டு இழுவிசை கொண்ட நீள வில்லால் 25 மீட்டர் தூரத்திலிருந்து எய்தார்கள். அம்பின் எடை சுமார் 80 கிராம். வேகம் நொடிக்கு 50 மீட்டருக்கும் மேல், அதாவது நெடுஞ்சாலையில் பறக்கும் காரைவிட அதிகம். இருந்தும், நடுவில் சுமார் 2.5 மி.மீ. தடிமன் இருந்த தகட்டை அது துளைக்கவில்லை. தகட்டில் பள்ளம் மட்டும் விழுந்தது, அம்பு சிதறியது.

காரணம் தடிமன் மட்டும் இல்லை. மார்புக் கவசம் குடத்தின் வயிறு போல வளைந்திருக்கும். நேராகப் படாத அம்பு வழுக்கிவிடும், அதன் சக்தியில் பெரும்பகுதி பக்கவாட்டில் வீணாகிவிடும். பொய்த்தியேயில் குதிரைகளின் முன்பக்கத்தில் நடந்ததும் இதுதான்.

இன்னொரு சிக்கல் முனையிலேயே இருக்கிறது. நீண்டு மெலிந்த ஊசி முனை சங்கிலிக்கு அருமையானது. தகட்டில் மோதினால் நுனி மடங்கிவிடும். தகட்டுக்கு ஓரளவு தாக்குப்பிடித்தவை குட்டையான, பருத்த முனைகள்தான். அதுவும் இரும்பு கடினமாக இருந்தால் மட்டும். பழைய முனைகளை ஆராய்ந்தபோது, நீண்ட ஊசி முனைகள் பெரும்பாலும் மிருதுவான இரும்பாகவே இருந்தன. கொல்லர்கள் தரத்தில் கோட்டை விட்டது அன்றைய அரசுக்கும் தெரியும். 1406-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது: முனையின் நுனியை எஃகு வைத்துக் கடினமாக்க வேண்டும், செய்தவர் தன் முத்திரையைக் குத்த வேண்டும், மீறினால் பறிமுதலும் சிறையும்.

அப்படியென்றால் அம்பு வீணா?

இல்லை. கவசம் உடல் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. அக்குள், தொடையிடுக்கு, கழுத்தோரம் ஆகிய இடங்களில் அசைவுக்காகச் சங்கிலிப் பின்னலை மட்டும் வைத்திருப்பார்கள். கைகால்களை மூடிய தகடு மார்புத் தகட்டைவிட மெல்லியது. மூச்சு விடவும் வழி பார்க்கவும் முகமூடியைத் தூக்கினால் முகம் முழுசாகத் திறந்துவிடும். ஊசி முனைக்கு வேலை இந்த இடங்களில்தான். ஆயிரக்கணக்கான அம்புகள் பாயும்போது ஏதோ ஒன்று இடைவெளியைக் கண்டுபிடிக்கும்.

அப்படி ஒன்று கண்டுபிடித்தது 1403-ல், ஷ்ரூஸ்பரி போரில். இங்கிலாந்து இளவரசர் ஹென்றிக்கு அப்போது வயது 16. ஒரு அம்பு அவருடைய மூக்குக்குப் பக்கத்தில் நுழைந்து, சுமார் 15 செ.மீ. ஆழத்தில் மண்டையின் பின் எலும்பில் குத்தி நின்றது. பிடித்து இழுத்ததில் மரத்தண்டு மட்டும் கையோடு வந்தது, இரும்பு முனை உள்ளேயே தங்கிவிட்டது.

ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் முதலில் காயத்தின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினார். பிறகு, திருகு வைத்த மெல்லிய இடுக்கி ஒன்றைத் தானே வடிவமைத்து, மரத்தண்டு செருகியிருந்த முனையின் குழலுக்குள் விட்டார். திருகைச் சுற்றியதும் இடுக்கி உள்ளிருந்து விரிந்து குழலைக் கவ்வியது. முன்னும் பின்னும் அசைத்து முனையை வெளியே எடுத்தார். காயத்தை வெள்ளைத் திராட்சை மதுவால் கழுவி, தேன் கலந்த மருந்து வைத்தார்.

அந்த முனையில் அகலமான கொக்கிகள் இருந்திருந்தால் போன வழியே அதை இழுத்திருக்க முடியாது. ஆழமாகப் போன முனை, குறுகலாக இருந்ததால்தான் திரும்பி வந்தது. பிழைத்த அந்த இளவரசர்தான் பின்னாளில் ஐந்தாம் ஹென்றி. 12 ஆண்டுகள் கழித்து, அஜின்கோர்ட்டில் ஆயிரக்கணக்கான வில்லாளர்களை முன்னால் நிறுத்திப் போரிட்ட மன்னர் அவரேதான்.