நாலு வரியில் ஒரு சிபாரிசு

மதியம் மூன்று மணிக்கு, விஷயம் என்னவென்று சொல்லாமல் ஒரு பதினைந்து நிமிட மீட்டிங். உள்ளே போனால் மேனேஜரோடு எச்.ஆர். ஆளும் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் லேப்டாப்பும் அடையாள அட்டையும் கையை விட்டுப் போய்விடும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரைக் குறைத்தது. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அப்போதிலிருந்து ஐ.டி.க்காரர்கள் பலரும் இந்த மீட்டிங்கைப் பார்த்திருக்கிறார்கள், அல்லது பயந்திருக்கிறார்கள்.

பக்கத்து இருக்கை காலியானதும் மிச்சமிருப்பவர்களுக்கு மனசு கேட்பதில்லை. உடனே வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள்: "என் டீம்மேட்டுக்கு வேலை போய்விட்டது. ரொம்பத் திறமைசாலி, கடின உழைப்பாளி. எங்காவது இருந்தால் சொல்லுங்கள்." பத்துப் பேர் கைகூப்பும் படத்தைப் போடுவார்கள். அதோடு சரி. படிப்பவருக்கு உதவ மனமில்லாமல் இல்லை. யாரிடம் போய் என்னவென்று சொல்வது என்பதற்கு அந்த வரிகளில் ஒன்றுமே இல்லை.

இத்தனைக்கும் வேலை தேடித்தருவதில் தூரத்துப் பழக்கத்துக்குப் பெரிய பலம் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் ஊரில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து, 1973-ல் அதைப் பற்றி எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற ஆட்கள். நெருங்கிய நண்பர்கள் ஒரே வட்டத்தில் சுற்றுவதால் ஒருவர் காதுக்கு வரும் சேதியே மற்றவர் காதுக்கும் வரும் என்பது அவர் சொன்ன காரணம். ஆட்குறைப்பின்போது இது இன்னும் பொருந்தும். கூட இருந்த நண்பர்களே வேலை தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் தூரத்து ஆளுக்கு அந்த டீம்மேட்டைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது சிபாரிசு செய்பவரை மட்டும்தான். அதனால் டீம்மேட்டைப் பற்றிய நாலு வரியும் அவர் மனத்தில் ஒரு ஆளை நிறுத்த வேண்டும்.

சென்னையில் பேமென்ட் ஆப் ஒன்றுக்கு டெஸ்டிங் பார்த்த பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்காக எழுதுவது இப்படி இருக்கலாம்:

"என்னோடு ஒரே டீமில் மூன்று வருஷம் டெஸ்டராக இருந்தவர். ஒரு ரிலீஸுக்கு முந்தின நாள், ரீஃபண்ட் பட்டனை அழுத்தியதும் நெட்வொர்க் போய், திரும்ப அழுத்தினால் பணம் இரண்டு தடவை போகிறது என்று கண்டுபிடித்தார். எந்த போன், எந்த வரிசை என்று அவர் எழுதியதை வைத்தே அரை மணி நேரத்தில் நான் சரிசெய்தேன். எங்கள் புராஜெக்டையே மூடியதால் வேலை போயிற்று. பேமென்ட், பேங்கிங் பக்கம் டெஸ்டிங் வேலை பார்க்கிறார். சென்னையில் உடனே சேரலாம். ஆட்டோமேஷன் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார்."

ரீஃபண்ட் சம்பவம்தான் இதன் உயிர். "நுணுக்கமாகப் பார்ப்பவர்" என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் படிப்பவர் அந்த முடிவுக்குத் தானாக வந்துவிடுவார். அதைச் சரிசெய்த டெவலப்பரே எழுதியிருப்பதால், போன் போட்டு இரண்டு கேள்வி கேட்டாலும் பதில் தடுமாறாது. வேலை போன காரணத்தை ஒளிக்காமல் சொன்னது, திறமைக் குறைவோ என்ற சந்தேகத்தைத் தீர்க்கிறது. கடைசி வாக்கியத்தைப் பலரும் அடித்துவிடப் பார்ப்பார்கள். அடிக்கக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சிபாரிசைத்தான் நம்பத் தோன்றும். ஆட்டோமேஷன் கட்டாயம் என்கிற இடங்களில் அவர் நேரமும் வீணாகாது.

எழுதியதை முதலில் அந்தப் பெண்ணுக்கே அனுப்ப வேண்டும். வேலை போன சேதியை அவர் வீட்டிலேயே இன்னும் சொல்லாமல் இருக்கலாம். போன் நம்பரும் ரெஸ்யூமேயும் அவர் சரி என்ற பிறகுதான் வெளியே போக வேண்டும். ரீஃபண்ட் கதையில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயர் வராததும் தற்செயல் இல்லை. ரகசிய ஒப்பந்தம் வேலை போன பிறகும் அவரைக் கட்டுப்படுத்தும்.

பிறகு, யாருக்கு அனுப்புவது? ஒரே கம்பெனியில் நாலு பேருக்கு அனுப்பினால் குழப்பம்தான். பல நிறுவனங்களின் ரெஃபரல் தளத்தில் ஒரு விண்ணப்பதாரரை முதலில் பதிவு செய்தவர் பெயரே நிற்கும். டீமுக்குச் சம்பந்தமே இல்லாதவர் முந்திக்கொண்டு பதிந்துவிட்டால், அவரோடு வேலை பார்த்தவர் சொல்லும் வார்த்தை மேனேஜரின் கண்ணுக்குப் போகாமலே நின்றுவிடலாம். கம்பெனிக்கு ஒருவராக, ஐந்தாறு பேருக்குத் தனித்தனியாக அனுப்பினால் போதும்.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கும் தமிழர்களுக்கு வேலை போனால், பொதுவாக 60 நாள் வரைதான் அவகாசம். அங்கே தங்க அனுமதித்த காலம் அதற்கு முன்பே முடிந்தால் அதுவும் குறையும். அங்கே இந்த நாலு வரி முதல் வாரத்திலேயே கிளம்பியாக வேண்டும். விசாவை மாற்றிக்கொடுக்கும் நிறுவனம் தேவை என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்த பிறகு அது தெரியவந்தால், போன நாட்கள் திரும்பாது.