எக்ஸ்-ஷோரூம் முதல் ஆன்-ரோடு வரை

கார் விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை. தொழிற்சாலை விலை, ஜி.எஸ்.டி., டீலரின் லாபம் எல்லாம் அதற்குள் அடக்கம். வண்டி சாலையில் இறங்குவதற்கான செலவுகள் மட்டும் அதில் இல்லை.

அந்தச் செலவுகளில் பெரியது மாநில அரசின் ஆயுட்கால வரி. பதிவுக் கட்டணம் 600 ரூபாய்தான். கடனில் வாங்கினால் ஆர்.சி.யில் வங்கியின் பெயரைச் சேர்க்க இன்னொரு 1,500 ரூபாய். ஆயுட்கால வரியோ லட்சத்தைத் தாண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சம் வரையுள்ள புதிய கார்களுக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். வருமான வரியைப் போல வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் வீதம் என்ற சலுகை இதில் கிடையாது. வரம்பைத் தாண்டினால் முழு விலைக்கும் புதிய வீதம்தான்.

9.80 லட்ச ரூபாய் காருக்கு வரி 1,27,400 ரூபாய். அதே காரில் சன்ரூஃப் வைத்த அடுத்த மாடல் 10.20 லட்சம் என்றால் வரி 1,83,600 ரூபாய். 40,000 ரூபாய் வித்தியாசம் என்று ஷோரூமில் சொன்னது, வரியையும் சேர்த்தால் 96,200 ஆகிவிடும். போதாக்குறைக்கு, 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு டீலர் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார். அது செலவில் சேராது, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கார் எடுக்கும் அன்று கையில் இருக்க வேண்டும்.

அடுத்த வரி இன்சூரன்ஸ். பேரம் பேச இடமுள்ளது இங்கேதான். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால், எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே தொகைதான். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதிதான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை ஓராண்டுக்கு மட்டும் எடுத்தால் போதும். டீலர் காட்டும் பாலிசியையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒப்பிடும்போது ஐ.டி.வி. என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். கார் திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ கிடைக்கும் உச்சத் தொகை அது. புதிய காருக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்க வேண்டும், 9.80 லட்ச ரூபாய் காருக்கு 9.31 லட்சம். இதைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் மலிவாகத் தெரியும், இழப்பீடும் அதே அளவு சுருங்கும். உதிரிபாகத் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் 'ஜீரோ டெப்' புதிய காருக்குத் தேவைதான். மற்ற கூடுதல் கவர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்ப்பதே நல்லது.

கொட்டேஷனின் கடைசியில் ஃபாஸ்டேக், நீட்டித்த வாரண்டி, ஆக்சஸரீஸ் பேக் வரிசையாக வரும். ஃபாஸ்டேக் கட்டாயம், சில நூறு ரூபாய்தான். மற்ற இரண்டும் வாங்குபவர் விருப்பம். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று சில ஆயிரம் போட்டிருந்தால், அது அரசுக்குப் போகும் பணம் அல்ல. எதற்கு என்று கேட்டு, நீக்கச் சொல்லலாம். ஒரே மொத்தத் தொகையாக எழுதித் தரும் கொட்டேஷனில் இதெல்லாம் தெரியாது. ஒவ்வொரு வரியும் தனித்தனியாக உள்ள தாளைக் கேட்டு வாங்கிய பிறகு முன்பணம் கட்டலாம்.