எது தலைக்கு, எது வீட்டுக்கு: புதுமனை புகுவிழாவின் செலவுக் கணக்கு

புதுமனை புகுவிழாவின் செலவுக் கணக்கு விருந்தினர் பட்டியலில் தொடங்குகிறது. ஆனால் பட்டியலில் ஒரு பெயர் கூடினால் எல்லாச் செலவும் கூடிவிடுவதில்லை. சாப்பாடு தலைக்கணக்கு, தாம்பூலப் பை குடும்பக்கணக்கு. ஹோமமும் பந்தலும் ஐம்பது பேர் வந்தாலும் நூற்றைம்பது பேர் வந்தாலும் ஏறக்குறைய அதே தொகைதான். இவற்றைப் பிரிக்காமல் ‘ஆளுக்கு இவ்வளவு’ என்று பெருக்குவதால்தான் கணக்கு இடறுகிறது.

கோவைப் புறநகரில் ஒரு புது வீடு என்று வைத்துக்கொள்வோம். அறுபது வீடுகளுக்கு அழைப்பு. உறவினர் 25 குடும்பங்கள், வீட்டுக்கு நாலு பேர் என்று 100 பேர். அக்கம்பக்கம் 15 வீடுகளிலிருந்து தம்பதியாக 30 பேர். அலுவலக நண்பர்கள் 20 பேர், தனித்தனியாக வருபவர்கள். ஆக 150 பேர். இதில் பெரும்பாலும் விட்டுப்போகிறவர்கள் வீட்டைக் கட்டியவர்கள். மேஸ்திரி, கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன் என்று பத்துப் பேருக்கு இலை போடுவதோடு வேட்டி துண்டும் வைத்துக் கொடுக்க வேண்டும். அந்த மரியாதையைக் கடைசி நேரத்து ஏற்பாடாக விடுவது முறையல்ல. தலைக்கு 500 ரூபாய் என்று 5,000 முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இங்கே சொல்லப்படும் விலைகளெல்லாம் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும்.

வாத்தியாரின் தொகை ஹோமங்களின் எண்ணிக்கையையும் அவரோடு வருபவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. கணபதி, நவக்கிரகம், லட்சுமி ஹோமங்களும் வாஸ்து சாந்தியும் என்றால் மூன்று பேராவது வருவார்கள். அவர் 15,000 சொன்னால், அது சாமானோடு சேர்த்தா, சம்பாவனை மட்டுமா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நெய், சமித்து, நவதானியம், பழம், வஸ்திரம் எல்லாம் வீட்டார் பொறுப்பு என்றால் இன்னொரு பெரிய தொகை பின்னால் நிற்கிறது. கோ பூஜைக்குப் பசுவும் கன்றும் கொண்டுவருபவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் தனிக்கணக்கு, அதற்கு 2,500. ஹோம குண்டம் எந்தத் தரையில் என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. புது டைல்ஸ் மேல் நேரடியாகச் செங்கல் அடுக்கினால் சூட்டில் தரை வெடிக்கலாம். அடியில் தகரத் தட்டு, அதன் மேல் கனமாக மணல், பிறகு செங்கல் என்று அமைத்தால் தரை தப்பும்.

சாப்பாட்டில் நேரம்தான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. முகூர்த்தம் விடிகாலை நாலரைக்கு என்றால் பெரும்பாலோர் காலை டிபனோடு கிளம்பிவிடுவார்கள். நூற்றைம்பது பேருக்கும் மதியச் சாப்பாடு சொல்வது வீண். இட்லி, பொங்கல், வடை, கேசரி, காபியோடு இலைக்கு 180 ரூபாய் வீதம் 160 இலைக்கு 28,800. நெருங்கிய சொந்தம் நாற்பது பேருக்கு மட்டும் மதியம், இலைக்கு 250 வீதம் 10,000. விடியுமுன் வருபவர்கள் காபியை இரண்டாம் முறையும் கேட்பார்கள். அதனால் காபி இலைக்கணக்கில் அடக்கமா, தனியா என்று கேட்டு வைக்க வேண்டும்.

சமையல்காரரிடம் 160 பேருக்குத் தயாராக இருக்கச் சொல்லி, உத்தரவாதம் 140 இலைக்கு மட்டும் தருவது பாதுகாப்பு. அதற்கு மேல் விழும் இலைக்குத்தான் கூடுதல் பணம். இதற்கு ஒரு பழைய வழி உண்டு. பந்தி தொடங்குமுன் இலைக்கட்டை இரு தரப்பும் சேர்ந்து எண்ணி வைப்பார்கள். கடைசிப் பந்தி எழுந்ததும் மீதி இலைகளை எண்ணினால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதில் பேச்சே எழாது. கிழிந்த இலைகளை எறியாமல் தனியே வைத்திருக்க வேண்டும். அவற்றையும் கழித்தால்தான் கணக்கு நேராகும்.

அலங்காரத்தில் வாழைமரம், மாவிலைத் தோரணம், நிலைவாசல் பூச்சரம், சீரியல் விளக்கு எல்லாம் 12,000. மொட்டை மாடியில் பந்தி போட ஷாமியானாவும் மேசை நாற்காலியும் 8,000. நூற்றைம்பது பேரும் ஒரே நேரத்தில் உட்காரப்போவதில்லை. பந்திக்கு நாற்பதும் கீழே நாற்பதும் போதும். முகூர்த்த நாளில் பூவிலை ஏறிவிடும் என்பதால் எந்தப் பூ, எத்தனை முழம் என்று சொல்லி முன்கூட்டியே விலை பேசிவிடுவது உத்தமம்.

தாம்பூலப் பையைத் தலைக்கு ஒன்றாக வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. அழைத்த அறுபது வீடுகளுக்கு அறுபது, கைவசம் பத்து, எழுபது போதும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், பை சேர்ந்து 40 ரூபாய், உள்ளே வைக்கும் கிண்ணமோ டப்பாவோ 120. மொத்தம் 11,200. வெற்றிலையும் தேங்காயும் முந்தைய மாலை வாங்கினால் போதும். பரிசுப் பொருளை முன்னதாகவே வாங்கி எண்ணி வைத்துவிடலாம்.

எல்லாம் கூட்டினால் 92,500. இதில் இலையும் பையுமாக 40,000 மட்டுமே விருந்தினரோடு ஏறி இறங்குவது; மீதி 52,500 பட்டியல் சுருங்கினாலும் அப்படியே நிற்கும். எட்டு குடும்பங்களாக இருபது பேர் கூடினால் இலைக்கு 3,600, பைக்கு 1,280, ஆக 4,880 ரூபாய். செலவு மிஞ்சும்போது முதலில் அத்தை வீட்டையோ பழைய நண்பரையோ பட்டியலிலிருந்து எடுப்பதுதான் வழக்கம். அதைவிட, பூவைக் குறைத்து நிலைவாசலோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பணம் வந்துவிடும்.