பத்தொன்பது படிக்கு மேல் ஏறாத மரம்

பல ஊர்களைக் கேபிளால் இணைக்க வேண்டும்; செலவு முடிந்தவரை குறைய வேண்டும். 1956-இல் ஜோசப் குரூஸ்கல் சொன்ன வழி எளிமையானது. மலிவான இணைப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதன் இரு முனை ஊர்களும் ஏற்கெனவே ஏதோ ஒரு வழியில் இணைந்திருந்தால் விட்டுவிடுங்கள்; இல்லையென்றால் கேபிளைப் போடுங்கள். ஆனால் 'ஏற்கெனவே இணைந்திருக்கிறதா?' என்பதைக் கணினி எப்படிச் சட்டென்று கண்டுபிடிக்கும்? பத்து லட்சம் ஊர்கள் இருந்தால் இந்தக் கேள்வி பல லட்சம் தடவை வரும்.

1964-இல் கேலரும் ஃபிஷரும் இதற்கு ஒரு வழி தந்தார்கள். இணைந்த ஊர்களின் கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு மரம். ஒவ்வொரு ஊரும் தனக்கு மேலே இருப்பது யார் என்பதை மட்டும் குறித்துவைக்கும். மேலே மேலே போனால் வேர் கிடைக்கும். இரண்டு ஊர்களுக்கும் வேர் ஒன்றே என்றால் அவை ஒரே கூட்டம். இரண்டு கூட்டங்களைச் சேர்க்க, ஒரு வேரை இன்னொரு வேரின் கீழ் மாட்டினால் போதும்.

எதை எதன் கீழ் மாட்டுவது என்பதில்தான் வினையே இருக்கிறது. கவனமில்லாமல் 1-ஐ 2-இன் கீழ், 2-ஐ 3-இன் கீழ் என்று மாட்டிக்கொண்டே போனால் எட்டு ஊர்களும் ஒரே சங்கிலியாகிவிடும். 1-இலிருந்து வேருக்கு ஏழு படி. பத்து லட்சம் ஊர் என்றால் 9,99,999 படி.

இதைத் தடுக்கும் விதி ஒற்றை வரி: சிறிய கூட்டத்தின் வேர் பெரிய கூட்டத்தின் வேருக்குக் கீழே போகட்டும்.

```python
def union(a, b):
    a, b = find(a), find(b)
    if a == b:
        return
    if size[a] < size[b]:
        a, b = b, a
    parent[b] = a
    size[a] += size[b]
```

இப்போது ஓர் ஊர் வேரிலிருந்து ஒரு படி தள்ளிப்போக வேண்டுமானால், அதன் கூட்டம் தன்னைவிடச் சிறியதல்லாத இன்னொன்றின் கீழ் போயிருக்க வேண்டும். அதாவது, ஒவ்வொரு படி கூடும்போதும் அது இருக்கும் கூட்டம் குறைந்தது இரட்டிப்பாகிறது. எட்டு ஊர்களில் இது மூன்று தடவைதான் நடக்க முடியும். பத்து லட்சத்தை 1-இலிருந்து இரட்டித்துப் பார்த்தால், 19 தடவைக்குள் முடிந்துவிடும். 20-ஆவது இரட்டிப்பு 10,48,576-க்குப் போய்விடும்.

கடைசி வரியை எழுத மறந்தால் விடை எல்லாம் சரியாகவே வரும், வேகம் மட்டும் போகும். அதனால் இந்தப் பிழை எளிதில் சிக்காது. ஒவ்வோர் ஊருக்கும் வேர் எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். பத்து லட்சத்தில் ஏதாவது ஒன்று 19-ஐத் தாண்டினால் பிழை உறுதி.

அளவுக்குப் பதிலாக 'ரேங்க்' என்ற எண்ணையும் வைக்கலாம். தொடக்கத்தில் எல்லாருக்கும் 0. குறைந்த ரேங்க் உள்ள வேர் கீழே போகும். இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் மேலே நிற்பதற்கு ஒன்று கூடும். ரேங்க் 5 உள்ள வேருக்குக் கீழே, தன்னையும் சேர்த்து, குறைந்தது 32 ஊர்கள் இருக்கும். உயர்ந்த ரேங்க் உள்ளவர்கள் அபூர்வம் என்பது இதன் பொருள்.

இதோடு இன்னொரு தந்திரம் சேர்கிறது. வேரைத் தேடிப் போகும்போது வழியில் உள்ள எல்லா ஊர்களையும் நேராக வேரின் கீழ் மாட்டிவிடுவது. மரம் தட்டையாகும், ரேங்க் பழையபடியே நிற்கும். இனி அது உயரம் அல்ல, உயரத்தின் மேல்வரம்பு.

தந்திரம் ஏன் இவ்வளவு உதவுகிறது? ரேங்க்குகளைக் கட்டுகளாகப் பிரியுங்கள்: 0, 1, 2, 3–4, 5–16, 17–65536. ஒரு தேடலில் கட்டு மாறும் படிகள் ஐந்தைத் தாண்டாது. மீதிப் படிகள் ஒரே கட்டுக்குள் நடப்பவை. அங்கே ஓர் ஊர் இடம்மாறும் ஒவ்வொரு தடவையும் அதற்குக் கிடைக்கும் புதிய மேலாளின் ரேங்க் முந்தையதைவிட அதிகம். ஆகவே 5–16 கட்டில் ஓர் ஊர் 16 தடவைக்குள் கட்டைத் தாண்டிவிடும். அந்தக் கட்டில் இருப்பவை மொத்த ஊர்களில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. பதினாறில் ஒரு பங்கைப் பதினாறால் பெருக்கினால் மொத்த ஊர்களின் எண்ணிக்கைதான். மற்றக் கட்டுகளிலும் கணக்கு இப்படித்தான். கட்டுக்கு ஒரு பங்கு வேலை. கட்டுகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஹாப்கிராஃப்டும் உல்மனும் 1973-இல் கட்டிய வரம்பு இந்த வகையைச் சேர்ந்தது. 1975-இல் ராபர்ட் டார்ஜன் இன்னும் இறுக்கி, அக்கர்மன் சார்பின் தலைகீழை அந்த இடத்தில் வைத்தார். நடைமுறையில் எந்தக் கணினியிலும் ஏற்றக்கூடிய எண்ணிக்கைக்கு அதன் மதிப்பு 4-ஐத் தாண்டாது. ஆனால் கண்டிப்பாகச் சொன்னால் அது மாறிலி அல்ல. மிக மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. வேறு சாமர்த்தியமான அமைப்பு வைத்தாலும் அந்த வளர்ச்சியைத் தவிர்க்க முடியாது என்று ஃப்ரெட்மனும் சாக்ஸும் 1989-இல் நிறுவினார்கள்.

இந்த வேகம் மொத்தக் கணக்கில் வரும் சராசரி என்பதையும் மறக்கக்கூடாது. ஏதோ ஒரு தேடல் 19 படி ஏறத்தான் செய்யும். போட்ட கேபிளை வெட்டிவிட்டு, கூட்டம் பிரிந்ததா என்று கேட்டால் இந்த மரம் பதில் சொல்லாது.

ரேங்க்கா, அளவா? வேகத்தில் இரண்டுக்கும் உத்தரவாதம் ஒன்றே. நான் அளவைத்தான் எடுப்பேன். கூட்டத்தில் எத்தனை ஊர் என்ற விடை கூடுதல் வேலையில்லாமல் கையில் கிடைத்துவிடுகிறது.